எப்படிப் பிரிக்கணும்?

அந்த உணவகத்தில் அவளுக்கு ‘எப்படி அக்கா’ என்று பெயர். வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. அடுக்களையிலும் கல்லாவிலும் மட்டும் புழங்கிய பெயர். யாராவது சாப்பிட்டு முடித்து, “பில்லைப் பிரிச்சுக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டால் போதும், உடனே அவள் வாயிலிருந்து, “எப்படிப் பிரிக்கணும்?” என்று வந்துவிடும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அதைத் தூரத்திலிருந்தே உதட்டசைவில் படித்துவிட்டு, “கேட்டாச்சு. இனி கால் மணி நேரம்” என்று பெருமூச்சு விடுவார்.

பத்தொன்பது வருடமாக அங்கே மேசை பார்க்கிறாள். அதற்கு முன்னால் ஒரு சலவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடை மூடியதும், கணவன் ரொட்டி வண்டி ஓட்டிக் கொண்டுவந்து போடும் இந்த உணவகத்தில் ஆள் தேவை என்று அவன் வழியாகவே தெரிந்தது. “ரெண்டு மாசம் பார்ப்போம்” என்றுதான் வந்தாள். வந்த புதிதில் ஒரே கையில் மூன்று தட்டு தூக்கத் தெரியாமல், நாத்தனாரை எதிரே உட்காரவைத்து வீட்டிலிருந்த காலித் தட்டுகளை வைத்துப் பழகினாள். நாத்தனார் நல்ல வாயாடி. “ராணி மாதிரி உட்கார்ந்திருக்கேன், ஒரு வாய் சோறுகூடக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறியே” என்பாள். மூன்று தட்டு உடைந்தது. நாலாவது வாரம் கை ஆடாமல் நின்றது.

அவளுக்கு முகம் ஞாபகம் இருக்காது. ஆனால் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பது மறக்கவே மறக்காது. தெருவில் யாராவது சிரித்தால், அருகே வந்து அவர் பேசும்வரை யாரென்று தெரியாமல் விழிப்பாள். பேசியதும், “ஓ, உப்பு கம்மியா நூடுல்ஸ், ஐஸ் போடாத ஜூஸ்” என்று சொல்லிவிடுவாள். விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது. அந்த மேசையைத் தாண்டி இரண்டு முறையாவது போய்வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். முதலாளி இதற்காக எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறார். மாறவில்லை.

‘எப்படி’ என்று கேட்கும் பழக்கம் வந்ததற்குக் காரணம் இரண்டு மேசைகள்.

முதலாவது, வேலைக்கு வந்த முதல் வருடம். நான்கு பெண்கள், ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் சத்தமாகப் பேசியவள், “பில்லை நாலாப் பிரிச்சுடுங்க” என்றாள். நாலாகத்தானே என்று இவள் மொத்தத்தை நாலால் வகுத்து நான்கு சீட்டு கொண்டுவந்து வைத்தாள். நான்கு பேரும் கொடுத்தார்கள். கதவருகே கடைசியாகப் போன பெண் மட்டும் நின்று, கோபமே இல்லாமல், “நான் காபி மட்டும்தான் குடிச்சேன்” என்றாள். பணம் உள்ளே போய் பில் முடிந்துவிட்டது. இனி அதைத் திறக்க முதலாளியிடம் இருக்கும் சாவி வேண்டும், அவரோ ஊரில் இல்லை. இவள் தன் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டினாள். “வேண்டாங்க, அவங்க மூணு பேர் இருக்கும்போதே நான் சொல்லியிருக்கணும்” என்று அந்தப் பெண் போய்விட்டாள். மற்ற மூவரும் அதற்குப் பிறகும் அடிக்கடி வந்தார்கள். அவள் வரவில்லை.

அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த மாதமே இன்னொன்றில் மாட்டினாள். பெரிய குடும்பம், பதினோரு பேர். அண்ணன் தம்பிகள் மூன்று பேர், அவர்கள் மனைவிமார், குழந்தைகள். “பில்லைப் பிரிச்சுக் கொண்டாம்மா” என்றார் மூத்தவர். இவள் ராத்திரி பகலாக யோசித்துவைத்திருந்த நியாயப்படி, யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று அணு அணுவாகப் பிரித்து, பெரியவர்கள் ஆறு பேருக்கும் ஆறு சீட்டு கொண்டுவந்தாள். புருஷன் தலையில் ஒன்று, பெண்டாட்டி தலையில் ஒன்று. மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “ஏம்மா, எங்க வீட்டுல பாகப்பிரிவினை பண்ண உன்னை யாரு கூப்பிட்டது?” என்றார். அவர்களுக்கு வேண்டியிருந்தது மூன்று சீட்டு. வீட்டுக்கு ஒன்று, மூன்றும் ஒரே தொகை. கடைசித் தம்பிக்கு நாலு குழந்தை, இரண்டாமவருக்குக் குழந்தையே இல்லை. ஆனாலும் அவர்கள் வீட்டு வழக்கம் அது. அதில் யாருக்கும் குறையும் இல்லை.

சமமாகப் போட்டால் ஒரு இடத்தில் தப்பு. சாப்பிட்டபடி போட்டால் இன்னொரு இடத்தில் தப்பு. தலையை எண்ணுவதா வீட்டை எண்ணுவதா என்பதே வேறு கேள்வி. ‘பிரிச்சுடுங்க’ என்கிற ஒரு சொல்லுக்குள் இத்தனை இருக்கும்போது, அதில் எது என்று நான் எதற்கு ஊகிக்க வேண்டும், வாய் இருக்கிறது, கேட்டுவிடலாமே என்று முடிவு செய்தாள். கேட்பதற்குத் தோதாக, ஆர்டர் எடுக்கும்போதே கதவுக்குப் பக்கத்து நாற்காலியை ஒன்று என்று வைத்து, வலமாக எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே அவரவர் கேட்டதை எழுதும் பழக்கமும் வந்தது. நடுவில் எல்லாரும் எடுத்துச் சாப்பிடும் தட்டுக்கு எண் கிடையாது, ஒரு வட்டம். யாராவது நடுவில் இடம் மாறி உட்கார்ந்தால் அம்புக்குறி போட்டுக்கொள்வாள்.

இதெல்லாம் எதற்கு என்று அந்தக் கல்லாக்காரருக்கே ஒரு நாள் பகலில்தான் புரிந்தது.

அன்று மதியம் பக்கத்துத் தெருக் கண் மருத்துவமனையிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். அந்தத் தெருவில் மின்கம்பி மாற்றுகிறார்கள் என்று அரை நாள் மின்சாரம் இல்லை. சிகிச்சை பார்க்க முடியாது, வீட்டுக்கும் போக மனமில்லை. “வாங்க, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்” என்று டாக்டர்தான் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர், நிர்வாகம் பார்க்கும் அம்மாள், இரண்டு நர்சுகள், வரவேற்பில் உட்காரும் பெண், ஓட்டுநர், அப்புறம் அங்கே தரை துடைத்துக் கழுவும் பெண். முன்னேற்பாடு இல்லாத வருகை. வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்று வெளியில் சாப்பிடுவோம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

துடைக்கும் பெண் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். மெனு அட்டை கையில் வந்ததும் அதன் இடது பக்கத்தைப் பார்க்காமல் வலது பக்கத்தை, அதாவது விலையை, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். எப்படி அக்காவின் கண்ணில் அது பட்டது.

“உங்களுக்கும்மா?”

“எனக்கு ஒரு சூப், ஒரு ரொட்டி. வயிறு சரியில்ல.”

“கோழி சொல்லேன், இங்க நல்லா இருக்கும்” என்றாள் ஒரு நர்ஸ்.

“இல்லக்கா, வயிறு ஒரு மாதிரியா இருக்கு.”

டாக்டர் சுட்ட மீனும் பழச்சாறும் சொன்னார். நடுவில் எல்லாருக்கும் பெரிய தட்டு உருளைக்கிழங்கு வறுவலும் அவர்தான் சொன்னார். நன்றாகப் பேசுகிற மனிதர். தன் முதல் நோயாளி தன்னையே யார் என்று கேட்ட கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். வயிறு சரியில்லாத பெண்ணும் சிரித்தாள். வறுவல் தட்டிலும் எல்லாரோடும் அவள் கை போய்வந்தது. ரொட்டியைக் கடைசித் துணுக்கு வரை கிண்ணத்தில் துடைத்துச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிவதற்குள் டாக்டரின் கைபேசி அடித்தது. இரண்டு மணிக்கு வேறொரு மருத்துவமனையில் அவர் இருக்க வேண்டும். காதில் கைபேசியோடு எழுந்தவர், போகிற போக்கில் எப்படி அக்காவைப் பார்த்து, “பில்லைப் பிரிச்சுடுங்க” என்றார். நிர்வாக அம்மாளிடம், “என் பங்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, சாயங்காலம் தர்றேன்” என்றார்.

“எப்படிங்க டாக்டர் பிரிக்க...”

அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். கேட்டுத் தலையாட்டினாரா, கைபேசியில் பேசியவருக்குத் தலையாட்டினாரா தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

எப்படி அக்கா மேசையைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு பேர். ஐந்தாவது நாற்காலிக்காரி மடியில் வைத்திருந்த சின்னப் பர்ஸை மேசைக்கு அடியிலேயே திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள். கொஞ்சம் கழித்து மறுபடி திறந்து பார்த்தாள். பார்த்தால் கூடிவிடுமா என்ன.

வழக்கமாக இவள் கேள்வியை மேசைக்குப் பொதுவாகத்தான் கேட்பாள். இன்று வாய் வரை வந்ததை விழுங்கினாள். எல்லாருக்கும் நடுவில், “சமமாவா, அவங்கவங்க சாப்பிட்டபடியா?” என்று கேட்டால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் பெருந்தன்மையாக, “சமமாப் போடுங்க, இதுல என்ன” என்பார். அதன் பிறகு சூப் சாப்பிட்டவள் வாயைத் திறந்து, “எனக்கு மட்டும் தனியா” என்று சொல்வாளா? செத்தாலும் சொல்ல மாட்டாள்.

சரி, கேட்காமல் சாப்பிட்டபடியே போட்டுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. கை துறுதுறுத்தது. நல்லதுதானே. ஆனால் அவர்கள் தினமும் ஒன்றாக வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்குள் என்ன வழக்கம் என்று இவளுக்கு என்ன தெரியும்? ஒருவேளை அந்தப் பெண்ணின் பங்கை யாராவது ஏற்பதாக முன்பே பேசியிருக்கலாம். ‘உனக்கு நூற்றிச் சொச்சம், அவருக்கு எண்ணூற்றிச் சொச்சம்’ என்று சீட்டைக் கொண்டுபோய் வைப்பதே அவளுக்குத் தலைக்குனிவாகவும் இருக்கலாம். பாகப்பிரிவினை பண்ண இவளை யார் கூப்பிட்டது?

நிர்வாக அம்மாள் கை கழுவ எழுந்தாள். எப்படி அக்கா கல்லாவுக்குப் போய் இரண்டு நிமிடம் கணக்குப் போட்டுவிட்டு, சிட்டைப் புத்தகத்தோடு கை கழுவும் இடத்துக்குப் போனாள்.

“மேடம், பில்லைப் பிரிக்கச் சொல்லிட்டு டாக்டர் போயிட்டார். எப்படின்னு சொல்லல. உங்களைக் கேட்டுக்கலாமா?”

“சமமாப் போட்டுடுங்களேன். எதுக்குத் தலைவலி.”

“போட்டுடலாம். ரெண்டு விதத்துலயும் எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டேன், ஒரு தடவை கேட்டுக்குங்க. போட்டு முடிச்சா அப்புறம் மாத்துறது கஷ்டம்.” சிட்டையை அவள் பக்கம் திருப்பினாள். “சாப்பாடு மட்டும் ரெண்டாயிரத்து எண்ணூறு. ஆறு பேருக்கு மேல வந்தா நூத்துக்குப் பத்து சேவைக் கட்டணம் நாங்களே சேர்த்துடுவோம், அது எரநூத்து எண்பது. ரெண்டுக்கும் சேர்த்து அஞ்சு சதவீதம் வரி, நூத்தி அம்பத்தி நாலு. ஆகமொத்தம் மூவாயிரத்து எரநூத்து முப்பத்தி நாலு. சமமாப் போட்டா டாக்டரோட சேர்த்து ஏழு பேருக்கும் தலைக்கு நானூத்து அறுபத்திரெண்டு. சாப்பிட்டபடி போட்டா, இதோ, நாற்காலிப்படி எழுதியிருக்கேன். நடுவுல வச்ச வறுவலை மட்டும் ஏழா வகுத்துத் தலைக்கு முப்பது சேர்த்திருக்கேன். சேவையும் வரியும் அவங்கவங்க சாப்பிட்ட அளவுக்குத் தக்கபடி இதுலயே இருக்கு. எப்படிப் போட்டாலும் எங்களுக்கு ஒரே வேலைதான்.”

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். எதையும் தூக்கிச் சொல்லவில்லை, எதையும் தாழ்த்தவில்லை. ஐந்தாவது நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிர்வாக அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே படித்தாள். ஒன்று, டாக்டர், எண்ணூற்று எட்டு ரூபாய் ஐம்பது காசு. இரண்டு, அது அவளுடையது, ஐந்நூற்று ஐம்பத்து நாலு நாற்பது. மூன்றும் நாலும் நர்சுகள், ஆளுக்கு நானூற்று எண்பத்தைந்து பத்து. ஐந்து, நூற்று அறுபத்தொன்று எழுபது. அங்கே அவள் விரல் நின்றது. அதற்குக் கீழே இரண்டு வரி இருந்தது, அதற்கு அவள் போகவில்லை.

“அவ சூப்தான் சாப்பிட்டாளா?”

“சூப், ஒரு ரொட்டி.”

நிர்வாக அம்மாள் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். கவனிக்கவே இல்ல” என்றாள் நிர்வாக அம்மாள். பிறகு, “அவங்கவங்க சாப்பிட்டபடியே போடுங்க. நானே போய்ச் சொல்றேன். நீங்க சொன்னதா இருக்க வேண்டாம்.”

“சரிங்க மேடம்.”

“டாக்டரோடதை என் கார்டுல சேர்த்துடுங்க. அவர்கிட்ட வாங்கறது என் பாடு.”

மேசைக்குப் போய் அவள் மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். “ஆளாளுக்குத் தனிச் சீட்டு வருது. அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க. இனிமே நம்ம எப்பப் போனாலும் இப்படித்தான், சரியா?”

ஒரு நர்ஸ் சீட்டின் அடியில் இருந்த மேசை மொத்தத்தைப் பார்த்து மனசுக்குள் வகுத்திருப்பாள் போல. “சமமாப் போட்டிருந்தா எனக்கு இருபத்து மூணு கம்மியா வந்திருக்கும்” என்றாள்.

“அந்த இருபத்து மூணு ஆகாசத்துலேர்ந்தா வரும்? என் தலையிலதான் ஏறியிருக்கும்” என்றார் ஓட்டுநர். அவர் சீட்டில் முந்நூற்று நாற்பத்தாறு ஐம்பது. எல்லாரும் சிரித்தார்கள், நர்சும் சேர்ந்துதான். வரவேற்புப் பெண் தன் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எழுபதை எண்ணி வைத்தாள். அவள் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அவளைப் பற்றி எப்படி அக்கா யோசிக்கவே இல்லை. சிக்கல் ஒரு நாற்காலியில்தான் என்று நினைத்திருந்தாள்.

அதற்கு முன்னால் கல்லாவில் அந்த ஏழு சீட்டையும் அடிக்க வேண்டியிருந்தது. வெளியே இரண்டு கூட்டம் மேசைக்குக் காத்து நின்றது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். கல்லாக்காரர், “ஏழு பேருக்கு ஏழு சீட்டா? ஒரே சீட்டாப் போட்டுட்டு அவங்களே அடிச்சுக்கட்டும்னு விடக்கூடாதா?” என்று முணுமுணுத்தார். எப்படி அக்கா சிட்டைப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள். சிட்டையில் ஐந்தாவது வரியைக் கட்டைவிரலால் காட்டி, பிறகு மொத்தத்தை ஏழால் வகுத்து எழுதியிருந்ததைக் காட்டினாள். அவர் இரண்டையும் பார்த்தார். தலையைத் தூக்கி அந்த மேசையையும் பார்த்தார். அப்புறம் சீட்டை அடித்தார்.

துடைக்கும் பெண் தன் சீட்டைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தாள். பர்ஸிலிருந்து எடுத்தது ஒரே நோட்டு, இருநூறு. அதுதான் இருந்தது. சீட்டுக்கு மேல் வைத்துவிட்டு எழுந்தாள். மீதியை எப்படி அக்கா கொண்டுவந்து கொடுத்தபோது வாங்காமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“உங்களுக்குங்க. எல்லாரும் வைப்பாங்கல்ல.”

“எங்களுக்குள்ளது அந்த நூத்தி அறுபத்தொண்ணுலயே இருக்கும்மா. சேவைக் கட்டணம்னு போட்டிருக்கு பாருங்க.” சீட்டில் அந்த வரியைக் காட்டினாள். “பரிமாறுறவங்க, சமைக்கிறவங்க, பாத்திரம் கழுவுறவங்க, எல்லாரும் வாரக் கடைசியில அதைத்தான் பங்கு போட்டுக்குவோம். நீங்க குடுத்தாச்சு.”

அந்தப் பெண் அந்த வரியைப் பார்த்தாள். தான் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்த மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு ரூபாயும் முப்பது காசும் வாங்கிக்கொண்டாள்.

“சூப் நல்லா இருந்துச்சுங்க” என்றாள் போகும்போது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த சக பரிமாறுகிறவர் அடுக்களை வாசலில் பிடித்துக்கொண்டார். “ஏன்க்கா, சேர்த்தாச்சுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லணுமா? தெரியாம வச்சுட்டுப் போறவங்களை வச்சுட்டுப் போக விட்டா நமக்கும் நாலு காசு.”

“தெரிஞ்சு வைக்கிறவங்க வைக்கட்டும், ரெண்டு கையாலயும் வாங்கிக்குவேன். அந்த நர்சு பாரு, சொன்ன பிறகும் இருபது வச்சுட்டுப் போச்சு.” இருபதை எடுத்து பொது டப்பாவில் போட்டாள். “தெரியாதவங்ககிட்ட வாங்கினா எனக்குச் செரிக்காது. எனக்கு ஏற்கெனவே அல்சர்.”

டாக்டரிடம் நிர்வாக அம்மாள் அன்று மாலை என்ன பேசினாள் என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அந்த அம்மாள் தனியாகக் காபி குடிக்க வந்தபோது அவளே சொன்னாள். “எண்ணூத்து எட்டுன்னதும், அவ்வளவான்னு கேட்டார். மீன் நீங்கதானே சாப்பிட்டீங்கன்னேன். ஆமா, நல்லாவே சாப்பிட்டேன்னு எடுத்துக் குடுத்துட்டார். பிரிச்சுடுங்கன்னு சொன்னப்ப என்ன நினைச்சீங்கன்னு கேட்டேன். ஒண்ணுமே நினைக்கலயாம். சும்மா சொன்னாராம்.”

“நிறையப் பேர் அப்படித்தான் மேடம்” என்றாள் எப்படி அக்கா. “பில்னு வந்தா பிரிச்சுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு பழக்கம். உள்ளே ஒண்ணும் இருக்காது.”

அதற்குப் பிறகு அந்த மருத்துவமனைக்காரர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது வந்தார்கள். ஒரு தடவை டாக்டரே எல்லாருக்கும் கொடுத்தார், அதை உட்காரும்போதே சொல்லிவிட்டார். அன்று ஐந்தாவது நாற்காலிக்காரி கோழி சொன்னாள், அதோடு ஐஸ்கிரீமும்.

முதலாளியிடம் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டு, “இனிமே அஞ்சு பேருக்கு மேல இருந்தா நாற்காலி நம்பர் போட்டு எழுதுங்க. பில் எப்படி வேணும்னு ஆர்டர் எடுக்கறப்பவே ஒருத்தர்கிட்ட மெதுவாக் கேட்டுக்குங்க. கடைசியில கேட்டுக்கிட்டு நின்னா மேசை காலியாக மாட்டேங்குது” என்றார். பெயரைச் சொல்லவில்லை. பாராட்டியும் சொல்லவில்லை, திட்டுகிற மாதிரிதான் சொன்னார். கல்லாக்காரர் எப்படி அக்காவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அவள் அதையெல்லாம் கவனிக்காத மாதிரி இரண்டாம் மேசைக்கு நாப்கின் மடித்துக்கொண்டிருந்தாள். சலவைக் கடைக் கை அது, ஓரம் ஓரத்தோடு சரியாக உட்காரும். பன்னிரண்டு மணிக்கு முதல் பெரிய கூட்டம் வந்தது, எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் உட்காருவதற்கு முன்பே விரலைச் சொடுக்கினார். அவள் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனாள்.